வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பதினான்கு நாட்கள்: ஓட்டத்துக்குத் திரும்பிய அனுபவங்கள்

கடலோரன், சென்னை

எனக்கு வயது 43. காய்ச்சல் இல்லாத நாட்களில் வாரத்துக்கு ஐந்து முறை, மொத்தம் ஏறக்குறைய 300 நிமிடங்கள் ஓடுவேன். இதே மழைக்காலத்தில் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. முதல் முறை செய்த தவற்றை இரண்டாம் முறை செய்யாமல் தப்பித்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. புதன்கிழமை அதிகாலை பெசன்ட் நகர்க் கடற்கரையில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை, வழக்கமான வேகமும் வந்தது. அன்றிரவு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் 101 டிகிரிக்கு ஏறியது, மேலும் ஐந்து நாட்கள் படுக்கையில் கிடந்தேன். ஓடும் நேரத்தில் உடல் எப்படி இருக்கிறது என்பதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த ஆண்டு நான்கு நாட்கள் 102 டிகிரி வரை காய்ச்சல் இருந்தது. இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்தது. மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சலின்றிக் கழிந்த பிறகும், வீட்டுக்குள் நடமாடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் இரண்டு நாட்கள் காத்திருந்தேன். அதன் பின்னரே என் பதினான்கு நாட்கள் தொடங்கின. கிலோமீட்டரைக் கணக்கிடாமல் நிமிடங்களை மட்டும் கணக்கிட்டேன், ஏனெனில் கிலோமீட்டர் கணக்கு வைத்தால் என் கால்கள் தாமாகவே பழைய வேகத்தைத் தேடிப் போய்விடும்.

முதல் நாள் 20 நிமிட நடை, இரண்டாம் நாள் 30 நிமிட நடை, மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 24 நிமிடங்கள். ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் 20, ஏழாம் நாள் 30, எட்டாம் நாள் 30, ஒன்பதாம் நாள் 40 நிமிடங்கள் தொடர்ந்து ஓடினேன். வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: ஒரு குறளை ஏழு சீரும் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்; நடுவில் மூச்சு வாங்கினால் நடைக்கு இறங்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்துவைத்தேன். எனக்கு வழக்கமாக 54 இருக்கும். முதல் நாள் 62 இருந்தது, ஏழாம் நாள் 57க்கு இறங்கியது. பத்தாம் நாள் காலை திடீரென்று 63. தொண்டையில் வறட்சியும் இருந்தது. காலணியை மாட்டிய பிறகு கழற்றி வைத்துவிட்டேன். மறுநாள் 57 ஆனதும், முந்தைய 40 நிமிடத்துக்குப் போகாமல் 35 நிமிடங்களோடு நிறுத்தினேன். பிறகு 45, ஒரு நாள் ஓய்வு, பதினான்காம் நாள் 60. இரண்டாம் வாரத்தின் மொத்தம் 210 நிமிடங்கள், அதாவது வழக்கத்தில் நூற்றுக்கு எழுபது. காய்ச்சல் திரும்பவில்லை.

இரும்புத்தோள், மதுரை

நான் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறவன். இவ்வளவு கணக்கு தேவையில்லை என்பது என் கருத்து. கழுத்துக்கு மேலே மூக்கொழுகல், தும்மல் மட்டும் இருந்தால் பயிற்சி செய்யலாம், கழுத்துக்குக் கீழே இறங்கினால் செய்யக் கூடாது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார். பத்து ஆண்டுகளாக அதைத்தான் பின்பற்றுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்? சென்ற முறை உடல்வலிக்கு ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு மறுநாளே கூடத்துக்குப் போனேன், நன்றாக வியர்த்ததும் உடல் இலேசாகிவிட்டது.

மிதிவண்டி மருத்துவர், கோவை

இரும்புத்தோள் அவர்கள் சொல்லும் விதி சாதாரணச் சளிக்குப் பொருந்தும், அதில் தவறில்லை. ஆனால் அது சளியோடு பயிற்சி செய்யலாமா என்பதற்கான விதி. காய்ச்சலிலிருந்து எழுந்தவர் எவ்வளவு செய்யலாம் என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவதுதான் இதில் எனக்கு மிகவும் கவலை தருவது. காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும் ஒரே சாட்சியின் வாயை அந்த மாத்திரை அடைத்துவிடுகிறது.

கடலோரன் அவர்களின் முதல் நாள் 62 ஏன் வந்தது என்பதைச் சொல்கிறேன். உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நாடித்துடிப்பு ஏறத்தாழப் பத்து கூடும். வெப்பம் இறங்கிய பிறகும் அது முழுமையாகக் கீழே வராததற்கு வேறு காரணம் உண்டு. நான்கு நாட்கள் வியர்த்து, சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. கஞ்சியும் உப்புப் போட்ட மோருமாகச் சில நாட்கள் போனால் இது சரியாகிவிடும். ஆகவே மெல்ல மெல்ல இறங்கிவரும் 62 எனக்கு அச்சம் தராது. இறங்கிவந்த துடிப்பு மீண்டும் ஏறி, கூடவே தொண்டை வறட்சியோ உடல்வலியோ சேர்ந்தால்தான் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

அவருடைய குறிப்பில் அவரே கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆறாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை இடைவெளியே இல்லாமல் நான்கு நாட்கள் ஓடியிருக்கிறார், அந்த நான்கு நாட்களில் நிமிடங்களும் இரட்டிப்பாகியிருக்கின்றன. ஒவ்வொரு படியும் தனித்தனியே சிறியதுதான் என்றாலும் நான்கு படிகளையும் மூச்சு விடாமல் ஏறியிருக்கிறார். பத்தாம் நாளின் 63 அதன் விளைவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நெஞ்சுவலி, படபடப்பு, படியேறினாலே மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் மேலே சொன்ன நாட்கணக்கு எதுவும் பொருந்தாது. சில வைரஸ்கள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. உடனே மருத்துவரிடம் சென்று இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை கடும் பயிற்சியை நிறுத்திவைக்கச் சொல்வோம்.

நெல்லைச் செல்வி

எனக்கும் இதே பிரச்சினைதான். காய்ச்சலில் மூன்று கிலோ குறைந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு உடம்பைத் தேற்ற என்ன சாப்பிட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா கொடுத்த நிலவேம்புக் கசாயத்தால் இன்னும் வாய்க் கசப்பு போகவில்லை.

கடலோரன், சென்னை

சகோதரி, நான் எழுதியது ஓடும் நேரத்தின் அளவைப் பற்றி. உடல் எடையைப் பற்றி நான் கவனிக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம்: முதல் சில நாட்களில் எனக்கும் பசி இல்லை, பசி திரும்பிய பிறகுதான் தொடர் ஓட்டமே தொடங்கினேன். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத நாளில் ஓடுவதற்கு உடம்பில் என்ன இருக்கப்போகிறது?

டாக்டர், பத்தாம் நாளைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்பதாம் நாள் இரவு உறவினர் வீட்டுத் திருமண வரவேற்புக்குப் போய்விட்டு நள்ளிரவு கடந்துதான் படுத்தேன். ஓட்டமா, தூக்கக் குறைவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிதிவண்டி மருத்துவர், கோவை

எனக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று ஓடாமல் விட்டதற்கு இரண்டில் எதுவும் போதுமான காரணமே.

மலைப்பாதை, ஏற்காடு

என் அனுபவம் வேறு மாதிரி முடிந்தது என்பதால் பதிவு செய்கிறேன். நானும் நிமிடக் கணக்கில்தான் கூட்டினேன், காலைத் துடிப்பும் ஒழுங்காக இறங்கியது. இருந்தும் ஒன்பதாம் நாள் மாலை 100 டிகிரி காய்ச்சல் வந்தது. அவசரப்பட்டுக் கூட்டிவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டு மூன்று நாட்கள் படுத்திருந்தேன். கன்னத்து எலும்பில் வலியும் மஞ்சள் நிறச் சளியும் சேர்ந்த பிறகே மருத்துவரிடம் போனேன். சைனசில் பாக்டீரியாத் தொற்று என்றார். வைரஸ் விட்டுப்போன இடத்தில் வேறொன்று குடியேறியிருக்கிறது. ஓடாமல் இருந்திருந்தாலும் அது வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. வேகப் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? பதினோராம் நாளிலேயே இருபது விநாடி வேக ஓட்டம் நான்கைச் சேர்த்தும் எதுவும் ஆகவில்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

மிதிவண்டி மருத்துவர், கோவை

முதலில் நேரத்தை மீட்டு, அதன் பிறகு வேகத்தைத் தொடுவதே நான் பின்பற்றும் வரிசை. பதினான்கு நாட்களும் குறள் சொல்லும் வேகத்திலேயே போகட்டும் என்பேன். இருபது விநாடி ஓட்டம் நான்கு என்பது மொத்தம் எண்பது விநாடிதான், அது உங்கள் நண்பரை ஒன்றும் செய்யாததில் வியப்பில்லை. அதற்காக அடுத்த வாரமே ஒரு கிலோமீட்டர் வேக ஓட்டம் ஐந்து என்று அவர் தாவினால் நான் உடன்பட மாட்டேன்.

டெங்கு வந்தவர்கள் இந்தப் பதினான்கு நாட்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் காய்ச்சல் விடும் நேரமே, அதாவது ஏறத்தாழ மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே, ஆபத்து மிகுந்தது. தட்டணுக்கள் ஏறிவிட்டன என்று பரிசோதனையில் தெரிந்து, சிகிச்சை தந்த மருத்துவரும் சம்மதித்த பிறகே முதல் நாள் நடையைத் தொடங்க வேண்டும். டெங்குவாக இருக்குமோ என்ற ஐயம் தீரும் வரை உடல்வலிக்கு இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இரும்புத்தோள், மதுரை

மாத்திரை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், டாக்டர். ஆனால் எடை தூக்குவதில் நிமிடக் கணக்கு எப்படிச் செல்லும் என்று தெரியவில்லை. வழக்கமான எடையில் பாதியைப் போட்டு, நான்கு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்று செய்யலாம் என்று இருக்கிறேன். மறுநாள் காலை துடிப்பையும் எண்ணிப் பார்க்கிறேன். கைக்கடிகாரம் காட்டும் எண் போதுமா, விரலால்தான் எண்ண வேண்டுமா?

கடலோரன், சென்னை

எதுவானாலும் தினமும் அதையே பயன்படுத்துங்கள், அண்ணா. என் கடிகாரம் தூக்கத்தின் நடுவே பதிவான மிகக் குறைந்த எண்ணைக் காட்டுவதால், விரலால் எண்ணுவதைவிட நான்கைந்து குறைவாகவே வருகிறது. ஒரு நாள் அதையும் மறுநாள் இதையும் பார்த்து முதல் வாரத்தில் வீணாகக் குழம்பினேன். எழுந்து காபி குடித்துவிட்டு எண்ணிய ஒரு நாளில் 66 வந்து பயந்ததும் உண்டு. உங்கள் வழக்கமான எண் எது என்று உடல்நலமாக இருந்த நாட்களில் குறித்துவைத்திருக்கிறீர்களா?

இரும்புத்தோள், மதுரை

இல்லை. அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.