ஐந்து ஏரிகள், ஐந்து கோடுகள்

குழு: தண்டையார்பேட்டை எங்கள் தெரு

தினேஷ், காலை 7.10
ஐந்து ஏரிகளின் நீர் இருப்பை மாதவாரியாக வரைந்திருக்கிறேன். [படம்] ஞாயிற்றுக்கிழமை பலகையில் ஒட்டலாமா?

ஜோசப் மாமா, 7.24
சோழவரம் செம்பரம்பாக்கத்தையே மிஞ்சிவிட்டதா தம்பி?

தினேஷ், 7.26
இல்லை மாமா. மேலே போகும் நீலக் கோடு செம்பரம்பாக்கம். சோழவரம் ஊதா.

ஜோசப் மாமா, 7.31
நீலமும் ஊதாவும் என் கண்ணுக்கு ஒன்றுதான். கீழே இருக்கும் பெயர்ப் பெட்டியில் நிறத்தைப் பார்த்துக்கொண்டு கோட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகிறது. மறுபடி பெட்டிக்கே போகிறேன்.

கோமதி அக்கா, 7.40
எங்கள் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. அது எந்த ஏரித் தண்ணீர்?

தினேஷ், 7.41
அக்கா, அதை இந்தப் படம் சொல்லாது.

ராகவன் சார், 8.02
பெயர்களின் வரிசைதான் கோளாறு. கோடுகள் வலப்பக்கம் மேலிருந்து கீழாக எந்த வரிசையில் முடிகின்றனவோ, பெட்டியிலும் அதே வரிசையில் எழுதினால் போதும்.

பர்வீன், 8.15
பாதித் தொல்லை போகும் சார். பெட்டியை எடுக்கவே முடியாது என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் நிறத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலை அப்படியே இருக்கும். பலகைக்குப் போவதோ கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் ஐந்தும் சாம்பல் நிறம். தினேஷ், பெட்டியை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோடும் முடியும் இடத்திலேயே ஏரியின் பெயரை எழுது. எங்கள் பத்திரிகையில் இப்படித்தான் செய்கிறோம்.

தினேஷ், 8.17
எக்செலில் எப்படி அக்கா?

பர்வீன், 8.29
கோட்டின் மேல் ஒருமுறை சொடுக்கினால் கோடு முழுவதும் தேர்வாகும். கொஞ்சம் பொறுத்துக் கடைசிப் புள்ளியை மட்டும் இன்னொரு முறை சொடுக்கு. வலது சொடுக்கில் Add Data Label. பிறகு அங்கே வரும் எண்ணை வலது சொடுக்கி, Format Data Label-இல் Series Name-ஐ வைத்துக்கொண்டு Value-வை எடுத்துவிடு, இடம் Right. படத்தின் வலப்பக்கத்தை உள்ளே தள்ளிப் பெயருக்கு இடம் விடு, இல்லாவிட்டால் கோட்டின் மேலேயே ஏறி உட்காரும். எழுத்துக்கும் கோட்டின் நிறத்தையே கொடு. மஞ்சள் மட்டும் வேண்டாம், வெள்ளைத் தாளில் படிக்கவே முடியாது.

தினேஷ், 9.05
செய்துவிட்டேன். [படம்] பூண்டியும் புழலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டன.

பர்வீன், 9.20
ஏறத்தான் செய்யும். முழுக் கொள்ளளவு புழலுக்கு 3300 மில்லியன் கன அடி, பூண்டிக்கு 3231. இரண்டும் நிரம்பினால் வித்தியாசம் 69தான். உன் படத்தின் உயரம் 8 செ.மீ., அளவு 4000 வரை. அப்படியானால் 69 என்பது 1.4 மி.மீ. நீ போட்டிருக்கும் எழுத்துக்கோ வரிக்கு 4 மி.மீ. வேண்டும். புழலை 1.3 மி.மீ. மேலே, பூண்டியை அதே அளவு கீழே நகர்த்து. வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். செம்பரம்பாக்கம் 3645, அதற்கும் புழலுக்கும் 7 மி.மீ. இருக்கிறது. புழல் நகர்ந்த பிறகும் இடிக்காது.

ராகவன் சார், 9.33
கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று வரைந்தால் சின்ன ஏரியும் தெளிவாகத் தெரியுமே?

பர்வீன், 9.41
தெரியும் சார். ஆனால் மழைக்காலத்தில் எல்லாம் நூறை ஒட்டி முடியும், ஐந்து பெயரும் ஒரே இடத்தில் குவியும். அப்போது கோடுகள் விலகிப் போகும் நடு மாதம் ஒன்றைப் பார்த்து, அங்கே கோட்டின் மேலேயே பெயரை எழுத வேண்டியிருக்கும். அதுவும் முடியாவிட்டால் ஏரிக்கு ஒரு சின்னப் படமாக ஐந்து படங்கள்.

ராகவன் சார், 9.44
ஐந்து படமென்றால் ஏரிகளை ஒப்பிடுவது கடினம். நான் ஒப்பவில்லை.

பர்வீன், 9.52
அது நியாயம்தான். தினேஷ், இன்னொன்று: அடுத்த மாதக் கணக்கைச் சேர்க்கும்போது பெயர் பழைய புள்ளியிலேயே நின்றுவிடும், கோடு அதைத் தாண்டிப் போய்விடும். பெயரை அழித்துப் புதிய கடைசிப் புள்ளியில் மறுபடி போட வேண்டும். கையால் நகர்த்தியதையும் அப்போது சரிபார்.

ஜோசப் மாமா, 10.10
புழல் என்று போடாதே. இங்கே எல்லோருக்கும் அது செங்குன்றம் ஏரி.

தினேஷ், 10.48
மாற்றிவிட்டேன் மாமா. கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என்ற பெயர் ஓரத்தில் வெட்டுப்படுகிறது, அதனால் தேர்வாய்கண்டிகை மட்டும். [படம்]

ஜோசப் மாமா, 10.55
இப்போது பெட்டியைத் தேடவில்லை. சோழவரம் கீழேதான் இருக்கிறது. அதற்கும் கீழே இருக்கிற தேர்வாய்கண்டிகை எங்கே?

கோமதி அக்கா, 11.02
கும்மிடிப்பூண்டிப் பக்கம் அண்ணா. 2020-இல் திறந்த ஏரி. அது இருக்கட்டும், மஞ்சள் தண்ணீருக்கு யாரிடம் சொல்வது?