கலைச்சொல் வேண்டும்: இரண்டு ஹிஜ்ரிகளையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாரசீக ஆவணங்களை ஆங்கிலமாக்கும் என் உதவியாளர்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதுகிறேன். அதில் ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். ஈரானில் சூரியனை வைத்து எண்ணும் ஆண்டுக்கும், அரபு நாடுகளில் பிறையை வைத்து எண்ணும் ஆண்டுக்கும் ஒரே பெயர், ஹிஜ்ரி.

போன வாரம் ஒரு ஈரானியப் பிறப்பு ஏடு வந்தது. தேதி 1367/10/15. உதவியாளர் இணையத்தில் 'ஹிஜ்ரி' என்று இருந்த பெட்டியில் போட்டுப் பார்க்க, 1948 ஆகஸ்ட் என்று வந்தது. தாயாரின் 1340-ஐயும் அதே பெட்டியில் போட்டதால் அது 1921 ஆகிவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் வயது பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடவுச்சீட்டைப் பார்த்த பிறகுதான் நாற்பது வருடம் தவறியது தெரிந்தது.

அப்புறம் அவர் 621-ஐக் கூட்டி 1988 என்று திருத்தினார். அதுவும் தப்பு. 1367-இன் முதல் நாள் 1988 மார்ச் 21. முதல் ஆறு மாதத்துக்கு 31 நாள், அடுத்த மூன்றுக்கு 30 நாள், ஆக 276. பத்தாவது மாதமான தெய், டிசம்பர் 22-இல் பிறக்கிறது. அதன் 15-ஆம் நாள் 1989 ஜனவரி 5. ஜனவரியிலிருந்து ஈரானிய வருடம் முடியும் வரை 622 கூட்ட வேண்டும்.

இரண்டையும் 'ஹிஜ்ரி' என்றே சொல்வதால் வந்த வினை இது. 'கதிர் ஹிஜ்ரி', 'பிறை ஹிஜ்ரி' என்று வைக்கலாமா?

மயிலாடுதுறையிலிருந்து:

புதுச்சொல் எதற்கு அம்மா? பஞ்சாங்கத்தில் சௌரமானம், சாந்திரமானம் என்று காலங்காலமாக இருக்கிறதே. பழைய ஆப்கானிய ஆவணங்களில் மாதப் பெயரே ராசிப் பெயர்தான். ஹமல் என்றால் மேஷம், அதாவது நம் சித்திரை. குறிப்பேட்டில் அப்படியே தமிழ் மாதத்தைப் போட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும்.

கூத்தாநல்லூரிலிருந்து:

எனக்கும் இதே தொல்லை. சவூதியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். பணிச் சான்றிதழில் ஹிஜ்ரி தேதி மட்டும் இருந்தது. மொழிபெயர்த்தவர் போட்ட ஆங்கிலத் தேதி, என் பழைய ஒப்பந்தத்தோடு ஒரு நாள் இடித்தது. இங்கே விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். நம் ஊரில் பிறை பார்த்த நாளை வைத்துக் கணக்குப் போட்டாரோ என்னவோ. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

தஞ்சாவூரிலிருந்து:

பாய் சொல்வது வேறு சிக்கல். சவூதி ஆவணம் என்றால் அந்த நாட்டு அரசு நாட்காட்டியான உம்முல் குரா படிதான் மாற்ற வேண்டும். 30, 29 என்று மாதங்களை மாற்றி மாற்றி எண்ணும் வாய்பாட்டில் போட்டால் ஒன்றிரண்டு நாள் விலகலாம். ஆவணத்தில் கிழமை இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். ஆங்கிலத் தேதியும் அச்சாகியிருந்தால் அதை அப்படியே எடுத்து எழுத வேண்டும், நாமாகக் கணக்குப் போடக் கூடாது.

மயிலாடுதுறை ஐயாவுக்கு ஒன்று. சாந்திரமானத்தில் அவ்வப்போது 'அதிக மாதம்' என்று ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால்தான் யுகாதி பங்குனியை ஒட்டியே வருகிறது. ஹிஜ்ரியில் அதிக மாதம் கிடையாது. நாகூர் கந்தூரியையே பாருங்கள், வருடத்துக்குப் பதினோரு நாள் போல முன்னே வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் குறுவை அறுப்பில் வந்தது, பிறகு நாற்று விடும்போது வரும். இதைச் சாந்திரமானம் என்றால் படிப்பவர் அதிக மாதத்தைத் தேடுவார். அதனால் 'பிறை ஹிஜ்ரி'க்கு என் ஆதரவு. டெல்டாவில் 'ரஜப் பிறை பத்து' என்றுதானே தேதியே சொல்கிறார்கள்.

'கதிர்' எனக்கு ஒட்டவில்லை. இந்தப் பக்கத்தில் கதிர் என்றால் முதலில் நெற்கதிர்தான் நினைவுக்கு வரும். 'ஞாயிறு', 'திங்கள்' இரண்டும் கிழமையாகிக் குழப்பும். 'சூரிய ஹிஜ்ரி' போதும்.

கும்பகோணத்திலிருந்து:

'பிறை ஹிஜ்ரி'யை எடுத்துக்கொள்கிறேன். அதிக மாதம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

ஐயா, ஹமலைச் சித்திரை என்று எழுத முடியாது. ராசி ஒன்றுதான், ஆனால் அவர்கள் பகலும் இரவும் சமமாகும் நாளில் மேஷத்தைத் தொடங்குகிறார்கள். நமக்கு மேஷம் ஏப்ரல் 14 வாக்கில்தான் பிறக்கிறது. இருபத்து நான்கு நாள் இடைவெளி.

மயிலாடுதுறையிலிருந்து:

அந்த இடைவெளியை மறந்துவிட்டேன், சரி. ஆனாலும் 'சூரிய'வை விட 'சௌரமான ஹிஜ்ரி'தான் துல்லியம் என்பேன். சூரியன் பொருளைத்தான் சொல்கிறது, மானம்தான் அளவைச் சொல்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

இப்போதைக்குக் குறிப்பேட்டில் 'சூரிய ஹிஜ்ரி' என்றே எழுதுகிறேன், உங்கள் சொல்லையும் பக்கத்தில் வைக்கிறேன்.

இன்று இன்னொரு சான்றிதழ் வந்திருக்கிறது. வருடம் 2536. ஷா ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1976 முதல் 1978 வரை, ஈரான் அரசு ஹிஜ்ரியை விட்டுவிட்டு, பண்டைய பாரசீக மன்னர் கோரேஷ் அரியணை ஏறியதிலிருந்து எண்ணியது. 1180-ஐக் கழித்தால் 1356 வருகிறது, மாதங்கள் மாறவில்லை. தேதியை மாற்றிவிட்டேன். ஆனால் இந்த ஆண்டுக்கணக்கை ஹிஜ்ரி என்று சொல்ல முடியாது. 'ஷாஹன்ஷாஹி' என்றே விடுவதா, 'பேரரசாண்டு' என்பதா?

தஞ்சாவூரிலிருந்து:

கொல்லம் ஆண்டு, சக ஆண்டு மாதிரி ஏதாவது அமையுமா என்று பார்க்கிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.