நன்றியுரையில் யாரை எங்கே சொல்வது?

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்துக் கபடிக் குழுவின் செயலாளர் நான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்டு பரிசளிப்பு விழா. நாட்டுப்பண்ணுக்கு முன்னால் நன்றியுரை என்னுடையது, 3 நிமிடம்தான்.

போன வருடம் சிறப்பு விருந்தினர், தலைவர், கோப்பை கொடுத்தவர்கள் என்று மேடை வரிசையிலேயே போனேன். பட்டியல் நீண்டு, பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அவசரத்தில், விடியற்காலையில் மண் சலித்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட பெரியவரை விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

இந்த முறை விருந்தினருக்கு அடுத்தே அவரையும் நடுவர்களையும் சொல்லிவிட்டு, நன்கொடையாளர்களை ஊர்வாரியாக ஒரே வரியில் சேர்க்க நினைக்கிறேன். பெயர்களை நுழைவாயில் பலகையில் எழுதி வைத்தால், 500 ரூபாய் கொடுத்தவர் மேடையில் தன் பெயர் வரவில்லை என்று வருத்தப்படுவாரா? நன்றியுரை சொல்லிப் பழகியவர்கள் உங்கள் வரிசையை எழுதுங்கள்.