ஐகன் மதிப்பு இரட்டித்து வந்த இடத்தில் PᵀAP சறுக்கிய கணக்குகள்: பார்த்ததைப் பகிருங்கள்

கரும்பலகை

பொறியியல் முதலாண்டு விடைத்தாள் ஒன்று இன்னும் உறுத்துகிறது. அணி இதுதான்:

```
 5  -4   2
-4   5  -2
 2  -2   2
```

சிறப்பியல்புச் சமன்பாடு λ³ − 12λ² + 21λ − 10 = 0, மதிப்புகள் 10, 1, 1. மாணவர் அதுவரை சரி. 10-க்கு (2, −2, 1). 1-க்கு மூன்று சமன்பாடுகளும் 2x − 2y + z = 0 என்ற ஒன்றாகச் சுருங்கும்; அதிலிருந்து (1, 1, 0), (−1, 0, 2) என்று எடுத்திருக்கிறார். அதுவும் சரி. அப்புறம் ஒவ்வொன்றையும் அதனதன் நீளத்தால் வகுத்து, P-இல் நிரல்களாக அடுக்கி, PᵀAP = D என்று எழுதி 10, 1, 1 போட்டு முடித்துவிட்டார். பெருக்கிப் பார்க்கவே இல்லை. பெருக்கினால் இரண்டாம் நிரை, மூன்றாம் நிரலில் பூச்சியம் வராது. −1/√10, அதாவது சுமார் −0.316 வந்து நிற்கும்.

ஆனால் P⁻¹AP போட்டால் அதே 10, 1, 1 சுத்தமாக வருகிறது. எவ்வளவு மதிப்பெண் குறைப்பீர்கள்?

தேனிக்காரன்

சமச்சீர் அணின்னா ஐகன் வெக்டர்கள் தன்னால செங்குத்தா வரும்னுதானே ஸ்பெக்ட்ரல் தேற்றம் சொல்லுது? அப்போ (−1, 0, 2) எடுத்ததே தப்பு. அது ஐகன் வெக்டரே இல்லைன்னு நினைக்கிறேன்.

மீனாட்சி_க

A-யை (−1, 0, 2) மேல் போட்டுப் பாருங்கள் தேனிக்காரரே, அதே (−1, 0, 2) திரும்பி வரும். ஐகன் வெக்டர்தான்.

"தன்னால" என்பது வெவ்வேறு மதிப்புகளுக்கு மட்டும். Au = λu, Av = μv என்றால், A சமச்சீர் என்பதால் Au·v-யும் u·Av-யும் ஒன்று. அதனால் (λ − μ)(u·v) = 0. λ, μ வேறானால் u·v பூச்சியமாகியே தீரும். இரண்டும் 1 என்றால் 0 = 0 என்று வரும், செங்குத்தா இல்லையா என்று அது எதுவும் சொல்லாது. அந்தத் தளத்துக்குள் செங்குத்தான ஜோடி *எடுக்க முடியும்* என்பதுதான் தேற்றம் தரும் உறுதி. எடுப்பது நம் வேலை.

இங்கே (1, 1, 0)·(−1, 0, 2) = −1. கிராம்-ஸ்மிட்டில் இரண்டாவதோடு முதலாவதின் பாதியைக் கூட்டினால் (−½, ½, 2), இரண்டால் பெருக்கினால் (−1, 1, 4), நீளம் 3√2. வகுத்தலைக் கடைசியில் வைத்துக்கொண்டால் √ நடுவில் வந்து தொல்லை தராது. மூன்றுக்கு மூன்று என்பதால் இன்னும் சுருக்கம்: (2, −2, 1), (1, 1, 0) இரண்டின் குறுக்குப் பெருக்கமே (−1, 1, 4).

பைத்தான்_பாண்டி

கையால போடுறதை விடுங்க. கணினியிலயும் இதே கூத்துதான். ஒருத்தர் `np.linalg.eig` போட்டுட்டு P-க்கு நேர்மாறா `P.T` வச்சிருந்தார். மதிப்பு இரட்டிச்சா நிரல்கள் செங்குத்தா இருக்கும்னு `eig` எந்த உத்தரவாதமும் தராது. சமச்சீர்னா இதுதான்:

```python
w, P = np.linalg.eigh(A)
print(np.round(P.T @ P, 10))
```

மதிப்புகள் ஏறுவரிசையில 1, 1, 10-னு வரும், நிரல் வரிசையும் அதன்படிதான். இன்னொண்ணு, `eigh` வழக்கமா கீழ்முக்கோணத்தை மட்டும்தான் படிக்கும். மேல ஒரு குறி மாத்தி அடிச்சிருந்தாலும் வாயைத் திறக்காது. முன்னாடியே `np.allclose(A, A.T)` பார்த்துடுங்க.

நெல்லை_அணி

எனக்கு வந்த சிக்கல் வேறு. இதே அணிக்கு விடைக்குறிப்பில் (1, 2, 2)/3, (2, 1, −2)/3 என்று இருக்கிறது. √ இல்லாமல் அழகாக! அப்போது மீனாட்சியின் (1, 1, 0)/√2 தப்பா?

மீனாட்சி_க

இரண்டும் சரி. ஒரே தளத்தில் ஒரு ஜோடியைச் சுழற்றினால் இன்னொன்று. P மாறும், வீழ்த்தல் அணி மாறாது. எந்த ஜோடி எடுத்தாலும் q₂q₂ᵀ + q₃q₃ᵀ இதுதான்:

```
      5   4  -2
1/9 × 4   5   2
     -2   2   8
```

விடைத்தாள் திருத்தும்போது P-யைக் குறிப்போடு ஒப்பிடாதீர்கள். முதலில் PᵀP = I வருகிறதா பாருங்கள், பிறகு AP-யும் PD-யும் ஒன்றா பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது: கரும்பலகையின் மாணவர் இரண்டாவதில் தேறிவிடுவார், முதலாவதில்தான் மாட்டுவார்.

தேனிக்காரன்

சரி, (−1, 0, 2) ஐகன் வெக்டர்தான், போட்டுப் பார்த்துட்டேன். ஆனா கேள்வியில "மூலைவிட்டமாக்குக"ன்னு மட்டும் இருந்திருந்தா அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் உண்டுதானே?

கரும்பலகை

கேள்வியில் "செங்குத்து உருமாற்றத்தால்" என்று இருந்தது. இருந்தாலும் P⁻¹ என்று எழுதியிருந்தால் பாதியாவது கொடுத்திருப்பேன். Pᵀ என்று எழுதியதுதான் இடிக்கிறது.

பைத்தான்_பாண்டி

பாதி ரொம்ப அதிகம் சார். −1 வர்ற புள்ளிப் பெருக்கத்தை ஒரு வரியில பார்த்திருக்கலாம்.