கூட்டக் குறிப்பில் முடிவாகாததை எங்கே எழுதுவது?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்பை நான்தான் எழுதுகிறேன். "தண்ணீர்த் தொட்டி சுத்தம் பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் யாரும் அசைவதில்லை. அதனால் இப்போது உச்சியிலேயே என்ன, யார், எப்போது என்று ஒரு சின்ன அட்டவணை: "தொட்டி சுத்தம் செய்ய இரண்டு பேரிடம் விலைப்புள்ளி வாங்குவது, பொருளாளர், ஜூன் 15". 'சங்கம் செய்யும்', 'சீக்கிரம்' இரண்டுக்கும் அதில் இடமில்லை. பேசியதெல்லாம் கீழே, தலைப்புக்கு இரண்டு வரி.

சிக்கல், தள்ளிப்போனவற்றில்தான். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை அட்டவணையில் சேர்த்தால் முடிவாகிவிட்டதாக நினைக்கிறார்கள். கீழே விட்டால் அடுத்த கூட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. "நிலுவை" என்று தனி அட்டவணை போடுகிறீர்களா? அப்புறம், கூட்டத்துக்கே வராதவர் தலையில் வேலை விழுந்தால், அவர் ஒப்புக்கொள்ளும்வரை பெயரை எப்படிப் போடுவது? மாதிரி இருந்தால் அனுப்புங்களேன்.