கார்பன் சுழற்சிப் படம்: பெட்டிக்கும் அம்புக்கும் என்ன பெயர்?

பள்ளி ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கார்பன் சுழற்சிப் படம் வரைகிறேன். கார்பன் தங்கும் ரிசர்வாயருக்குப் பெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃப்ளோவுக்கு அம்பு. பிள்ளைகளை வரையச் சொன்னால் பலர் ‘ஒளிச்சேர்க்கை’யைப் பெட்டிக்குள் எழுதிவிடுகிறார்கள். பெயரிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். ‘தேக்கம்’, ‘பாய்வு’ சரிவருமா?

மொழிபெயர்ப்பாளர்:
தேக்கம் வேண்டாம் அம்மா, நகராமல் கிடப்பது போல் ஒலிக்கிறது. அம்புக்கு ‘பாயம்’ இருக்கவே இருக்கிறது. இயற்பியலில் காந்தப்பாயம் என்கிறோமே!

கடலியல் ஆய்வாளர்:
தேக்கம் பற்றி ஐயா சொல்வது சரி. காற்றில் ஏறத்தாழ 880 கிகா டன் கார்பன் இருக்கிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் ஒளிச்சேர்க்கை சுமார் 120, கடல் சுமார் 80 எடுக்கின்றன. 880ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள், காற்றில் தங்கும் காலம் நாலரை ஆண்டுகூட வராது. ஆழ்கடலிலோ 37,000 கிகா டன் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். இரண்டுக்கும் பொருந்துவது ‘இருப்பு’, கடைச் சரக்கிருப்பு மாதிரி.

பாயத்தை ஏற்க மாட்டேன். காந்தப்பாயத்தில் ‘ஒரு நொடிக்கு’, ‘ஓர் ஆண்டுக்கு’ என்ற பேச்சே இல்லை. நமக்கு அதுதான் உயிர். ‘ஆண்டுப் பெயர்வு’ என்று வைத்தால் என்ன? பெட்டியில் கிகா டன், அம்பில் ஆண்டுக்கு இத்தனை கிகா டன். ஒளிச்சேர்க்கைக்கு அலகு எழுதச் சொன்னாலே அது பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும்.

யாழ்ப்பாண ஆசிரியர்:
எங்கட புத்தகத்தில காபன் வட்டம்தான், சுழற்சி இல்லை. அதையும் ஒருக்கால் பேச வேணும். என்ர வகுப்பில ஒரு பிள்ளை கேட்டது: தாவரம் 120 எடுக்குது, எரிபொருளால வாறது 10 தானே, பிறகேன் பயம்?

கடலியல் ஆய்வாளர்:
நல்ல கேள்வி. அந்த 120இல் பெரும்பகுதி சுவாசத்திலும் மட்குவதிலும் காற்றுக்கே திரும்புகிறது. நிலக்கரி, எண்ணெய் அம்புக்கு அப்படித் திரும்பும் இணை கிடையாது. எரிபொருள் 10, காடழிப்பு 1. இந்தப் 11இல் காற்றில் தங்குவது 5, நிலமும் கடலும் ஆளுக்கு 3. தொழிற்புரட்சிக்கு முன் 590 ஆக இருந்த காற்றின் இருப்பு 880 ஆனது இப்படித்தான். அம்பின் தடிமனை அளவுப்படி வரைந்தால் 10 நூலாகத் தெரியும். அதனால் காற்றுப் பெட்டிக்குள் ‘ஆண்டுக்கு +5’ என்றும் எழுதுங்கள்.

பள்ளி ஆசிரியை:
எரிபொருளுக்குச் செய்தியில் 37 என்று பார்த்தேனே?

கடலியல் ஆய்வாளர்:
அது கார்பன் டைஆக்சைடின் எடை. 10ஐ 44/12ஆல் பெருக்கினால் அதுதான் வரும். ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் கணக்கு உதைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
இருப்புக்கு என் வாக்கு உண்டு. ‘பெயர்வு’ இடப்பெயர்ச்சியோடு குழம்பும், பாய்வே இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியை:
‘இருப்பு’ எடுத்துக்கொண்டேன். அம்புக்கு இப்போதைக்கு ‘ஆண்டுப் பாய்வு’ என்று எழுதுகிறேன். கார்பன் சிங்க் என்பதற்கு ‘உறிஞ்சி’ என்று போட்டால், கடல் இருப்பும் உறிஞ்சியுமாக இரண்டு பெட்டியில் வந்துவிடாதா?

கடலியல் ஆய்வாளர்:
வரும். அதற்குத் தனிப் பெட்டி வேண்டாம். வரவு செலவை மிஞ்சும் இருப்பின் ஓரத்தில் குறித்தால் போதும். சொல்தான் இன்னும் பிடிபடவில்லை.