தோப்பு வீட்டு இன்வெர்ட்டருக்கு எந்த லித்தியம்? எல்.எஃப்.பி., என்.எம்.சி. பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

கோபாலபுரம் தோப்புக்காரர்

எங்கள் வீடு கேரள எல்லையை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் மட்டை விழுந்து கம்பி அறுவதும், அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் இரவு கழிந்துவிடுவதும் இங்கே வழக்கம். இன்வெர்ட்டரின் பழைய டியூபுலர் பேட்டரிகள் நான்கும் ஓய்ந்துவிட்டதால் லித்தியத்துக்கு மாறலாம் என்று இருக்கிறேன். பொள்ளாச்சிக் கடையில் எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 48 வோல்ட் பேட்டரி ஒன்றைக் காட்டினார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய 48 வோல்ட் பேக்கைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறேன், இரண்டுமே லித்தியம்தான், அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார். பேட்டரி இருக்கப்போவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பக்கத்து அறையில். இரண்டையும் கையாண்டவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை பேட்டரிப் பணிமனை

ஐயா, விலையைப் பேசுவதற்கு முன் அந்த ஸ்கூட்டர் பேக்கின் சார்ஜரைக் கேட்டு வாங்கி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் வெளியீட்டு வோல்ட்டைப் படியுங்கள். 54.6 என்றிருந்தால் உள்ளே நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்கள் 13 வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்; ஏனெனில் அந்தச் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறைகிறது. 58.4 என்றிருந்தால் 16 வரிசை எல்.எஃப்.பி.; அதன் செல் 3.65 வோல்ட்டில் நிறைந்துவிடும். 58.8 என்ற எண்ணும் வரக்கூடும்; அது 14 வரிசை என்.எம்.சி. கடைசி இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பலர் சார்ஜரை மாற்றி மாட்டிவிடுகிறார்கள். பேக்கின் மேல் 48 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இது ஏன் உங்களுக்கு முக்கியம் என்றால், டியூபுலர் பேட்டரிக்காகச் செய்த உங்கள் இன்வெர்ட்டர் பூஸ்ட் சார்ஜில் சுமார் 57.6 வோல்ட் வரை ஏற்றும். அதை 16 ஆல் வகுத்தால் செல்லுக்கு 3.6 வோல்ட் வருகிறது, எல்.எஃப்.பி.க்கு அது பொருந்துகிற அளவு. அதே 57.6ஐ 13 ஆல் வகுத்துப் பாருங்கள், 4.43 வோல்ட் வருகிறது. 4.2க்கு மேல் போகக் கூடாத செல்லுக்கு அது பெரிய ஆபத்து. பேக்கின் உள்ளே செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை தடுத்துவிடும் என்று சொல்வார்கள். தடுக்கும்தான். ஆனால் அது அவசரத்துக்கு வைத்த காவல். நாள்தோறும் அதன் தலையில் சார்ஜை நிறுத்தும் வேலையைக் கட்டினால், அதிலுள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஒருநாள் ஷார்ட் ஆகி மின்சாரத்தை விட்டபடியே நின்றுவிடும், அதன்பின் தடுக்க எதுவும் இருக்காது. என் பணிமனைக்கு வந்த உப்பிய ஸ்கூட்டர் பேக்குகளில் வேறு சார்ஜர் போட்டு ஏற்றியவை நிறைய.

வாளையாறு சோலார்

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் இவ்வளவு யோசிக்கவே வேண்டியதில்லை. எல்.எஃப்.பி. தீப்பிடிக்கவே பிடிக்காது, ஆணி அடித்தாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் அதைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம், சூடுகூட ஏறுவதில்லை. என்.எம்.சி. என்றாலே வெடிகுண்டு, அதை வீட்டுப் பக்கமே சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

கொழிஞ்சாம்பாறை பேட்டரிப் பணிமனை

தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் செல் கடுமையாகச் சூடேறினாலும் அது எளிதில் கழன்று வராது. என்.எம்.சி.யில் சுமார் 200 பாகையைத் தாண்டினால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை விடத் தொடங்குகிறது. அதனால்தான் அதன் தீ வெளிக்காற்று இல்லாமலும் எரிந்து அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. ஆனால் இரண்டு வகையிலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எரியக்கூடிய திரவம்தான். எல்.எஃப்.பி. செல் கெட்டுப்போய் வால்வு திறந்தால் ஹைட்ரஜன் கலந்த வாயு வெள்ளைப் புகையாக வெளியே வரும். திறந்த இடத்தில் அது கலைந்துவிடும். சாத்திய அலமாரிக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். தீப்பிடிப்பது அரிது என்பதால் காற்றோட்டம் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்த அலமாரியிலிருந்து பேட்டரியை இந்த வாரமே வெளியே எடுங்கள்.

சித்தூர் ஆட்டோ

நானும் எல்.எஃப்.பி. பேட்டரி உள்ள மின்சார ஆட்டோதான் ஓட்டுகிறேன், அதனால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். மீட்டரில் கால் பங்கு இருக்கிறது என்று நம்பி நல்லேப்பிள்ளியிலிருந்து சவாரி ஏற்றினால் பாதி வழியில் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்து வண்டி நின்றுவிடுகிறது. ஷோரூமில் கேட்டால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். முன்பு வைத்திருந்த என்.எம்.சி. ஸ்கூட்டரில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. எல்.எஃப்.பி. தரம் குறைந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. தோப்புக்காரர் ஆட்டோவுக்கு அதை வாங்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை பேட்டரிப் பணிமனை

அவர் கேட்டது வீட்டு இன்வெர்ட்டருக்கு. இருந்தாலும் உங்கள் சிக்கல் அவருக்கும் வரக்கூடியதுதான். என்.எம்.சி. செல்லின் வோல்ட் 4.2இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதால், வோல்ட்டைப் பார்த்தே மிச்சத்தைச் சொல்லிவிடலாம். எல்.எஃப்.பி. செல்லோ தொண்ணூறு சதவீதத்திலிருந்து இருபது சதவீதம் வரை 3.2, 3.3 வோல்ட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்து, கடைசியில் கிணற்றில் வாளி விழுந்ததுபோல இறங்கிவிடும். ஆகவே பி.எம்.எஸ். உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரைக் கூட்டிக் கழித்துத்தான் மிச்சத்தைக் கணிக்கிறது. நீங்கள் எப்போதும் எண்பதில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால், அந்தக் கணக்கில் சேரும் சிறு பிழைகள் திருத்தப்படாமல் குவிந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றி, நிறைந்த பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தும் வண்டி அதே இடத்தில் நின்றால், ஒரு செல் மட்டும் பலவீனமாகி மற்றவற்றுக்கு முன்னால் காலியாகிறது என்று பொருள். அப்போது பேக்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மீனாட்சிபுரம் அக்கா

என்.எம்.சி.யை எல்லோரும் இப்படி ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இருப்பது மூன்றாவது மாடி. ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிக்கொண்டு வந்துதான் சார்ஜ் போடுகிறேன். என் தம்பி பழுதான பேக்குகளைப் பிரிப்பவன் என்பதால் இரண்டு வகைச் செல்லையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 2.6 ஆம்பியர் மணி என்.எம்.சி. குச்சிச் செல் 46 கிராம் காட்டியது. அதற்குள் இருப்பது 9.4 வாட் மணி. 6 ஆம்பியர் மணி எல்.எஃப்.பி. உருளைச் செல் 142 கிராம், அதற்குள் 19.2 வாட் மணி. கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 200, இரண்டாவது 135. இரண்டு கிலோவாட் மணி பேக் என்றால் செல்களின் எடை மட்டும் ஒன்றில் பத்துக் கிலோ, மற்றதில் பதினைந்து கிலோ. மூன்று மாடி ஏறுகிறவருக்கு அந்த ஐந்து கிலோ பெரிய விஷயம். தரையில் உட்கார்ந்திருக்கப்போகும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகுதான் மின்சார வண்டிப் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பழைய பேக் வாங்குகிறவர்கள் அதற்கு முந்தையதா பிந்தையதா என்று பார்க்க வேண்டும்.

மூணாறு எஸ்டேட் லைன்

இங்கே எங்கள் தொல்லை வேறு. ஜனவரியில் தேயிலைச் செடிமேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலைகளில் என் சிறிய எல்.எஃப்.பி. பேட்டரி சோலாரிலிருந்து சார்ஜ் வாங்க மறுத்தது. வெயில் ஏறியதும் தானாகவே வாங்கிக்கொண்டது. பழுது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனபோது, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும் என்பதால் பி.எம்.எஸ். வேண்டுமென்றே மறுக்கிறது என்று விளக்கினார்கள். பக்கத்து லைனில் உள்ளவரின் மலிவான பேட்டரி அந்தக் குளிரிலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தது. இப்போது அது பாதி நேரம்கூட விளக்கு எரிப்பதில்லை. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

கோபாலபுரம் தோப்புக்காரர்

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடமிருந்து சார்ஜரை வாங்கிப் பார்த்தேன், 54.6 என்றுதான் போட்டிருக்கிறது. பேக்கை முழுதாக ஏற்றி ஓய்வுக்குப் பின் மல்டிமீட்டரில் அளந்தால் 54.1 வோல்ட், செல்லுக்கு 4.16. ஆகவே 13 வரிசை என்.எம்.சி. என்பது தெளிவாகிவிட்டது. என் இன்வெர்ட்டரில் பூஸ்ட் வோல்ட்டைக் குறைக்கும் வசதி இல்லாததால் அந்தப் பேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையில் பார்த்த எல்.எஃப்.பி.யைத்தான் வாங்கப்போகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வசதியுள்ள இன்வெர்ட்டர் என்று வைத்துக்கொண்டால், 54 வோல்ட்டில் நிறுத்தி அந்த என்.எம்.சி. பேக்கை ஓட்டியிருக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை பேட்டரிப் பணிமனை

ஓடியிருக்கும், ஆனால் நீடித்திருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரி பெரும்பாலும் வேலை செய்வதில்லை. நிறைந்த நிலையில் மின்வெட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. என்.எம்.சி. செல்லுக்கு நிறைந்து நிற்பதும் வெப்பமும் சேர்ந்தால் ஓடாமலே வயதாகிவிடும். உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் சித்திரை வெயிலில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் சுழற்சி என்று விளம்பரத்தில் போடும் எண்ணுக்கு அங்கே பொருளே இல்லை. எல்.எஃப்.பி.யும் அந்த வெப்பத்தில் தேயத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. மூவாயிரத்துக்கு மேல் சுழற்சி தாங்கும் செல் என்பதால் உங்களுக்குக் கெடுவது நாள்பட்ட தேய்மானத்தால்தான், சுழற்சியால் அல்ல. முடிந்தால் கூரைக்குக் கீழே ஓலைத் தட்டி ஒன்று கட்டி, வடக்குச் சுவரோரம் வையுங்கள். இன்வெர்ட்டரில் ஈக்குவலைஸ் என்ற அமைப்பு இருந்தால் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது 60 வோல்ட்டைக்கூடத் தாண்டக்கூடும்.

மீனாட்சிபுரம் அக்கா

அப்படியென்றால் எல்.எஃப்.பி.யையும் எப்போதும் நிறைத்து வைக்காமல் எண்பதில் நிறுத்துவதுதானே நல்லது? ஆட்டோக்காரரிடம் முழுதாக ஏற்றச் சொன்னீர்களே?

கொழிஞ்சாம்பாறை பேட்டரிப் பணிமனை

இதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அக்கா. ஆயுளை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் செல்களைச் சமன்படுத்தும் வேலையை பி.எம்.எஸ். பெரும்பாலும் நிறையும் நேரத்தில்தான் செய்கிறது. ஒருபோதும் நிறைக்காத பேக்கில் செல்கள் ஒன்றுக்கொன்று விலகிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் நான் மாதம் ஒருமுறை முழுதாக நிறைத்து, மற்ற நாட்களில் 54 வோல்ட் மிதப்புச் சார்ஜில் விடச் சொல்கிறேன். வேறு சிலர் வாரம் ஒருமுறை என்கிறார்கள். தோப்புக்காரர் ஐயா, புதிய பேட்டரி வந்ததும் முதல் முழுச் சார்ஜின் முடிவில் பி.எம்.எஸ். செயலியில் 16 செல்களின் வோல்ட்டையும் குறித்து இங்கே போடுங்கள். இருப்பதிலேயே கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்து, இரண்டு மூன்று முழுச் சார்ஜுக்குப் பிறகும் அது குறையவில்லை என்றால், கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லிவிடலாம்.